நேரில் சிலர், ஆன்லைனில் சிலர்: ஹைபிரிட் மீட்டிங் என்பதை கிளையண்டிடம் சொல்வது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

சிறிய மென்பொருள் நிறுவனங்களில் கிளையண்டோடு பேசும் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் இருக்கும் ஐந்து பேர் குழு, கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்துக்கு ஸ்டாக் மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறது. வேலை முடிந்து, கிளையண்ட் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டிய மீட்டிங். இடம் அவர்களுடைய தொழிற்சாலை, வியாழன் காலை 11 மணி. நம் ஆட்களில் இரண்டு பேர்தான் நேரில் போகிறார்கள், இரண்டு பேர் ஆன்லைனில் வருகிறார்கள். கிளையண்ட் பக்கத்திலும் ஓசூர் கிளையின் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஆன்லைன்.

பாதிப் பேர் ஆன்லைனில்தான் வருவார்கள் என்பதை கிளையண்டிடம் எப்போது சொல்வது?

நமக்குத் தெரிந்த அன்றைக்கே. தேதி பேசும் அதே போன் காலில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. "வியாழக்கிழமை வர்றோம் சார், நானும் இன்னொருத்தரும் நேர்ல. மத்த ரெண்டு பேர் ஆன்லைன்ல இருப்பாங்க" என்று போகிற போக்கில் சொன்னால் அது ஒரு ஏற்பாடு. அதையே புதன்கிழமை சாயங்காலம் தனியாக மெயில் போட்டுச் சொன்னால், ஏதோ கைவிரிப்பதுபோல் தெரியும். விஷயம் ஒன்றுதான், சொன்ன நேரம்தான் வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் சொல்வதை நம்பி கிளையண்ட் சில வேலைகளைச் செய்துவிடுவார். ஓசூர் ஆளைக் கோவைக்கு வரச் சொல்லியிருப்பார், மீட்டிங் ரூமை ஒதுக்கியிருப்பார், ஐந்து பேருக்கு மதியச் சாப்பாடு சொல்லியிருப்பார். கொங்குப் பக்கத்தில் தொழிற்சாலைக்கு வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்புவது அரிது. ஐந்து இலை போட்ட இடத்தில் இரண்டு பேர் போய் உட்கார்ந்தால், அன்றைய பேச்சு மென்பொருளில் ஆரம்பிக்காது, "மத்தவங்க எங்கீங்க?" என்றுதான் ஆரம்பிக்கும். ஆகவே அவர் எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பதே கணக்கு. வெளியூர் பயணம் இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்னால்.

காலண்டர் இன்வைட்டில் இடத்தையும் லிங்கையும் சேர்த்தே போட்டுவிட்டேன். அது போதாதா?

போதாது. அதிகச் சிக்கல் வருவதே இங்கேதான். ஒரு இன்வைட்டில் "மீட்டிங் ரூம், முதல் மாடி" என்றும் கீழே ஒரு லிங்கும் இருந்தால், பார்க்கிறவர் தனக்கு வசதியானதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். கணக்குப் பிரிவு மேனேஜர் தன் சீட்டில் இருந்தபடியே லிங்கில் சேர்ந்துவிடுவார். ரூமுக்கும் அவர் சீட்டுக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான் இருக்கும். முதலாளி ரூமில் வந்து உட்கார்ந்து, நம் ஐந்து பேரும் நேரில் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். யார் மேலும் தப்பில்லை, ஆளாளுக்கு ஒன்றைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கூகுள் காலண்டரில் அலுவலகக் கணக்கு வைத்திருப்பவர்கள் வருகிறேன் என்று பதில் சொல்லும்போது, ரூமிலா ஆன்லைனிலா என்றும் குறிக்க முடியும். ஒரே நிறுவனத்துக்குள் அது பயன்படும். கிளையண்ட் வேறு மெயில் சேவையில் இருந்தால் அவருக்கு அந்தத் தேர்வு வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். இன்வைட்டின் விவரப் பகுதியில் முதல் இரண்டு வரியில் யார் நேரில், யார் ஆன்லைனில் என்று எழுதிவிடுங்கள். போனில் பார்க்கிறவருக்குக் கண்ணில் படுவது அந்த இரண்டு வரிதான்.

சரி, மெயிலில் என்னென்ன எழுத வேண்டும்? ஒரு மாதிரி கிடைக்குமா?

கிளையண்ட் தெரிந்துகொள்ள விரும்புவது நான்கு விஷயம்: யார் எங்கே இருப்பார்கள், ஆன்லைனில் வருகிறவரிடம் எந்த வேலை இருக்கிறது, தன் ஆட்கள் எங்கே இருக்க வேண்டும், தான் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும். பல மெயில்களில் முதலாவது மட்டும்தான் இருக்கும். பெரும்பாலும் இந்த மெயில் ஆங்கிலத்தில்தான் போகும், ஆனால் சொல்கிற வரிசை ஒன்றுதான் என்பதால் தமிழிலேயே தருகிறேன். பொறுப்புகளை எழுதியிருக்கும் இடத்தில் நீங்கள் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும்.

> பொருள்: வியாழன் காலை 11 மணி, ஸ்டாக் மென்பொருள் ஒப்புதல் மீட்டிங்: யார் நேரில், யார் ஆன்லைனில்
>
> வணக்கம் சார்,
>
> போனில் பேசியபடி வரும் வியாழக்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் தொழிற்சாலை மீட்டிங் ரூமில் சந்திக்கிறோம். 12.30க்குள் முடித்துவிடலாம்.
>
> எங்கள் தரப்பில் நானும், உங்கள் ஸ்டோர்ஸில் மென்பொருளை நிறுவிய பொறியாளரும் நேரில் வருகிறோம். டேட்டாபேஸ் பொறுப்பாளர் மதுரையிலிருந்தும், டெஸ்டிங் பார்த்தவர் சென்னையிலிருந்தும் ஆன்லைனில் இருப்பார்கள். பழைய கணக்கிலிருந்து சரக்கு இருப்பைப் புதியதற்கு மாற்றியது பற்றி டேட்டாபேஸ் பொறுப்பாளர்தான் காட்டி விளக்குவார். அந்தப் பகுதியை 11.30க்கு வைத்திருக்கிறேன்.
>
> உங்கள் தரப்பில் நீங்கள், கணக்குப் பிரிவு மேனேஜர், கோவை ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் மூவரும் ரூமில் இருந்தால் நல்லது. ஓசூர் கிளைப் பொறுப்பாளர் இதற்காகப் பயணம் செய்ய வேண்டாம், ஆன்லைனில் சேர்ந்தால் போதும். லிங்கை அவருக்கு நேரடியாக அனுப்பிவிடுகிறேன்.
>
> ரூமில் இருப்பவர்கள் யாரும் லிங்கில் சேர வேண்டியதில்லை. என் லேப்டாப்பை உங்கள் டிவியில் இணைத்துக்கொள்கிறேன். ஸ்பீக்கரும் மைக்கும் நானே எடுத்து வருகிறேன். 10.30க்கு வந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள ரூம் கிடைக்குமா?
>
> இந்த ஏற்பாட்டில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் திங்கள் மாலைக்குள் சொல்லுங்கள். அதற்குள் தெரிந்தால் இன்னொருவரையும் நேரில் அழைத்து வர முடியும்.

இதில் மூன்று வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். "டேட்டாபேஸ் பொறுப்பாளர்தான் காட்டி விளக்குவார், 11.30க்கு" என்ற வரிதான் மெயிலின் உயிர். ஆன்லைனில் இருப்பவர் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கப்போவதில்லை, அவருக்கென்று ஒரு வேலையும் நேரமும் இருக்கிறது என்று அது காட்டுகிறது. பெயரை மட்டும் போட்டு, அவர் என்ன செய்வார் என்று எழுதாமல் விட்டால், கணக்குக்கு ஆள் காட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

இரண்டாவது, "பயணம் செய்ய வேண்டாம்" என்ற வரி. ஆன்லைன் ஏற்பாட்டால் கிளையண்டுக்கும் ஒரு லாபம் இருக்கிறது என்று வாதாடாமல் காட்டுகிறது. ஓசூரிலிருந்து கோவை வந்து திரும்புவதற்குள் அவருக்கு ஒரு வேலை நாள் போய்விடும்.

மூன்றாவது, கடைசி வரி. மாற்ற வழி இருக்கிறது, எதுவரை இருக்கிறது என்று இரண்டையும் சொல்கிறது. "உங்கள் வசதிப்படி" என்று பொதுவாக முடித்தால் பதில் வராது. வந்தாலும் புதன்கிழமை ராத்திரிதான் வரும்.

மெயில் போட்டேன், 'நோட்டட் சார்' என்று பதில் வந்தது. புரிந்துகொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். மெயிலில் ரூம் 10.30க்குக் கிடைக்குமா என்று கேட்டோம், அதற்குப் பதில் வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மெயிலைப் பொருள் வரியோடு நிறுத்திவிட்டார்.

வேறு அடையாளங்களும் உண்டு. "லிங்க் அனுப்புங்க" என்று முதலாளியே கேட்டால், எல்லாமே ஆன்லைன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "எத்தனை பேர் வர்றீங்க, மத்தியானம் சாப்பாடு சொல்லணும்" என்று கேட்டால், நேரில் சிலர்தான் என்பது சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டும் வராவிட்டால் ஒரு போன் போடுங்கள். முதலாளிக்குப் போட வேண்டும் என்பதில்லை. ரூமையும் காபியையும் கவனித்துக்கொள்ளும் அட்மின் ஆள் ஒருவர் இருப்பார், அவரிடம் பேசினால் இரண்டு நிமிடத்தில் நிலவரம் தெரிந்துவிடும்.

எங்கள் ஆள் ஏன் நேரில் வரவில்லை என்று காரணம் சொல்ல வேண்டுமா?

ஒரு வரி போதும், அதுவும் வேலையோடு ஒட்டிய காரணமாக இருந்தால் நல்லது. "அவர் மதுரையிலிருந்துதான் வேலை செய்கிறார்" என்பதே முழுக் காரணம். உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் அவருடைய சொந்த விஷயம். அவரைக் கேட்காமல் கிளையண்டிடம் சொல்லக் கூடாது. "சொந்த வேலை காரணமாக ஊரில் இருக்கிறார், மீட்டிங் முழுக்க ஆன்லைனில் இருப்பார்" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

இல்லாத காரணத்தைச் சொல்லாதீர்கள். "சர்வர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்" என்று ஒருவர் சொல்லிவிட்டு, அவரே ஸ்க்ரீனில் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தெரிந்தால், பிறகு நீங்கள் சொல்லும் தேதி, தொகை எல்லாவற்றுக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். செலவை மிச்சம் பிடிக்கத்தான் இரண்டு பேர் வருகிறார்கள் என்றால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் பயணச் செலவு கிளையண்ட் தலையில் என்று இருந்தால் அதை அவரே வரவேற்பார்.

'எல்லாரும் நேர்ல வந்தாத்தான் பேச்சு' என்று கிளையண்ட் சொல்லிவிட்டால்?

முதலில், எதனால் அப்படிச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆளோ ஒரு குறிப்பிட்ட பயமோ வெளியே வரும். நம் உதாரணத்தில் அந்தப் பேச்சு இப்படிப் போகலாம்:

"ஏனுங்க, ஸ்க்ரீன்ல பேசறது எனக்கு ஒத்து வராதுங்க. நாலு பேரும் வந்துருங்க."

"சரிங்க சார், வர முடியும். நேர்ல யார்கிட்ட என்ன கேக்கணும்னு நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க, அவங்களக் கண்டிப்பா கூட்டிட்டு வர்றேன்."

"அந்த ஸ்டாக் கணக்கு மாத்துன தம்பி இருக்கார்ல, அவர்தானுங்க. போன தடவை போன்ல சொன்னது ஒண்ணும் வெளங்கல."

இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. நான்கு பேர் வேண்டாம், மதுரைக்காரர் ஒருவர் வந்தால் போதும். மதுரையிலிருந்து கோவை பகலில் வந்துவிடக்கூடிய தூரம்தான். அவரை நேரில் அழைத்துக்கொண்டு, அவருக்குப் பதிலாக நிறுவிய பொறியாளரை ஆன்லைனில் வைக்கலாமா என்று பார்க்கலாம். அவர் ஏற்கெனவே அந்த ஸ்டோர்ஸுக்குப் போய்ப் பழகியவர், முகம் தெரிந்தவர், அதனால் ஸ்க்ரீனில் வந்தாலும் உறுத்தாது. ஸ்க்ரீனில் முதன்முறையாகப் பார்க்கும் முகத்தோடு கறாராகப் பேச யாருக்கும் மனம் வராது. முன்பின் தெரியாதவரை நேரில் அனுப்பி, தெரிந்தவரை ஆன்லைனில் வைப்பதுதான் என் வழக்கம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வர வழியே இல்லாவிட்டால் மீட்டிங்கை இரண்டாகப் பிரித்துக் கேட்டுப் பார்க்கலாம். கணக்கு மாற்றிய விவரத்தைச் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் எல்லாரும் ஆன்லைனில் பேசிவிடுவது, வியாழக்கிழமை நேரில் ஒப்புதல் மட்டும். விலை, பாக்கித் தொகை, தாமதத்துக்கு யார் பொறுப்பு மாதிரியான பேச்சு இருந்தால் அதை ஹைபிரிட்டில் வைக்கவே வேண்டாம். ரூமில் இருக்கும் நான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது ஆன்லைனில் இருப்பவருக்குத் தெரியாது, அவர் தவறான நேரத்தில் தவறான வார்த்தையை விட்டுவிடுவார்.

இடம் அவர்களுடையது. டிவி இருக்கிறதா, வைஃபை கிடைக்குமா என்றெல்லாம் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

"உங்ககிட்ட வசதி இருக்கா?" என்று கேட்டால் நினைப்பார்கள். "நான் என்ன எடுத்துட்டு வரட்டும்?" என்று கேட்டால் நினைக்க மாட்டார்கள். அட்மின் ஆளிடம் கேட்டால் இன்னும் எளிது. மீட்டிங் ரூமின் போட்டோ ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். டிவி எங்கே இருக்கிறது, மேசை எவ்வளவு நீளம், ப்ளக் எங்கே என்று மூன்று கேள்விக்கும் அந்த ஒரு போட்டோவிலேயே பதில் கிடைக்கும்.

வைஃபையைத் தனியாகக் கேட்க வேண்டும். பல தொழிற்சாலைகளில் வெளியாளுக்கு வைஃபை தர மாட்டார்கள். தந்தாலும் ஃபயர்வால் வீடியோ காலைத் தடுத்துவைத்திருக்கும். லிங்க் திறக்கும், ஆனால் படமும் சத்தமும் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தின நாளே அட்மின் ஆளை அவர்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்த லிங்கைத் திறந்து பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். எதற்கும் போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். தகரக் கூரைக் கட்டடத்துக்குள் சிக்னல் எப்படி என்பதையும் அந்த 10.30 மணிச் சோதனையில் பார்த்துவிடலாம்.

அடுத்தது சத்தம். ஹைபிரிட் மீட்டிங் கெட்டுப்போவது பெரும்பாலும் படத்தால் அல்ல, சத்தத்தால்தான். லேப்டாப்பில் இருக்கும் மைக், அதன் எதிரே உட்கார்ந்திருப்பவரைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். மேசையின் அந்தக் கோடியில் முதலாளி மெதுவாகச் சொல்வது, மதுரையில் இருப்பவர் காதுக்கு மின்விசிறிச் சத்தத்தோடு கலந்து முணுமுணுப்பாகத்தான் போகும். அதனால்தான் மெயிலில் ஸ்பீக்கரும் மைக்கும் நானே எடுத்து வருகிறேன் என்ற வரி. மேசை நடுவில் வைக்கும் மாதிரி, மைக்கும் சேர்ந்த ஸ்பீக்கர் ஒன்று குழுவிடம் இருப்பது நல்லது. கூடவே எச்டிஎம்ஐ கேபிளும், லேப்டாப்புக்குத் தேவையான கன்வெர்ட்டரும்.

சோதிக்கும்போது நீங்கள் பேசிப் பார்க்காதீர்கள். அட்மின் ஆளை மேசைக் கோடியில், முதலாளி உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். ஆன்லைனில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "கேக்குது கேக்குது" என்று அவர் சொல்வதை நம்ப வேண்டாம், வாக்கியத்தைச் சொல்ல முடிந்தால்தான் கேட்டிருக்கிறது.

கடைசியாக, கட்டணம் இல்லாத ஜூம் கணக்கில் மீட்டிங் போட்டிருந்தால் 40 நிமிடத்தில் அது நின்றுவிடும். 11 மணிக்கு ஆரம்பித்தால் 11.40. டேட்டாபேஸ் பொறுப்பாளர் 11.30க்கு ஆரம்பித்த விளக்கத்தின் நட்டநடுவில்.

ரூமில் இருப்பவர்கள் லிங்கில் சேரக் கூடாது என்று எதற்கு எழுத வேண்டும்? சேர்ந்தால் என்ன?

ஒரே ரூமில் இரண்டு லேப்டாப் ஒரே மீட்டிங்கில் மைக்கும் ஸ்பீக்கரும் திறந்திருந்தால், ஒன்றின் ஸ்பீக்கரில் வருவதை மற்றதன் மைக் பிடித்து மறுபடி அனுப்பும். அது திரும்ப ஸ்பீக்கரில் வரும், திரும்ப மைக் பிடிக்கும். சில நொடியில் எதிரொலி கூடி, காதைக் கிழிக்கும் கூச்சலாகிவிடும். மியூட் செய்தால் மட்டும் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்பீக்கர் திறந்தே இருந்தால், ஆன்லைனில் இருப்பவர் பேசுவது ரூமில் இரண்டு இடத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்.

ஸ்க்ரீனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் பிரிவு மேனேஜர் கேட்டால், சேரும்போது ஆடியோவை இணைக்காமல் சேரச் சொல்லுங்கள். கூகுள் மீட்டில் இதற்கென்றே Companion mode என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தால் சத்தம் வராது, காட்டுவது மட்டும் தெரியும்.

முந்தின நாள் ராத்திரி, நேரில் வருவதாக இருந்தவருக்கு வர முடியாமல் போய்விட்டது. என்ன செய்வது?

மெயில் போடாதீர்கள், போன் செய்யுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் என்றால் வாட்ஸப்பில் ஒரு வரி, காலை எட்டரைக்கு ஒரு போன். வாட்ஸப் வரி இந்த அளவு போதும்:

> வணக்கம் சார். நாளைய மீட்டிங்கில் ஒரு மாற்றம்: எங்கள் பொறியாளருக்குப் பயணம் செய்ய முடியாத நிலை. அவர் 11 மணியிலிருந்து ஆன்லைனில் இருப்பார். நான் நேரில் வருகிறேன். ஸ்டோர்ஸில் மென்பொருளை நானே ஓட்டிக் காட்டுகிறேன். நேரம், இடம் மாற்றமில்லை.

மாறியது எது, அதனால் அவர் இழப்பது என்ன, அதை யார் செய்வார், மாறாதது எது. கடைசி வரி இல்லாவிட்டால், "அப்ப மீட்டிங் இருக்கா இல்லையா?" என்று ஒரு போன் நிச்சயம் வரும். பழைய இன்வைட்டையும் திருத்திவிடுங்கள். ஓசூர்காரர் அதைத்தான் பார்ப்பார்.

நேரில் வர இருந்தவர் நீங்கள் ஒருவர்தான், உங்களுக்கே முடியவில்லை என்றால் அது இனி ஹைபிரிட் இல்லை. தேதியை மாற்றலாமா, முழுக்க ஆன்லைனில் வைக்கலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

கிளையண்ட் லண்டனில், நாங்கள் சென்னை ரூமில். நேரத்தை எப்படி எழுதுவது?

இரண்டு ஊர் நேரத்தையும் ஊர்ப் பெயரோடு, கிழமையோடு எழுதுங்கள். லண்டனுக்கும் நமக்கும் இடையே குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் வைப்பார்கள். நாம் மாற்றுவதில்லை. சென்னை பிற்பகல் 3.30 என்று வாராவாரம் வைத்திருந்தால், அது லண்டனில் குளிர்காலத்தில் காலை 10 மணி, கோடையில் காலை 11 மணி.

அமெரிக்காவில் இந்த மாற்றம் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கும். லண்டன், நியூயார்க் இரண்டிலும் ஆட்கள் இருந்தால் அந்த இடைப்பட்ட வாரங்களில் மட்டும் கணக்கு உதைக்கும். அந்த வாரத்தில் மீட்டிங் வந்தால் மெயிலில் தனியாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஹைபிரிட் என்றால் இது கூடுதல் தலைவலி. ஆன்லைனில் இருப்பவர் ஒரு மணி நேரம் தள்ளி வந்தால், ரூம் அதற்குள் வேறு யாருக்கோ போயிருக்கும்.

ரெக்கார்ட் செய்யப்போகிறோம். தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆமாம், முதல் மெயிலிலேயே, எதற்காக, யாரிடம் இருக்கும் என்று சேர்த்து. ரெக்கார்டிங் ஆரம்பித்ததும் ஆப் தரும் அறிவிப்பு, லிங்கில் சேர்ந்தவர்களுக்கானது. ரூமில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதலாளி அதையோ, டிவியின் மூலையில் தெரியும் சின்னக் குறியையோ கவனிக்காமல் போகலாம். ஆகவே ஆரம்பிக்கும்போது வாயாலும் ஒருமுறை சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிட்டுக் குறிப்பெடுங்கள்.

ஓசூர்காரருக்கு இந்த ஆப் எல்லாம் பழக்கமில்லை. அவரை எப்படிச் சேர்ப்பது?

லிங்கை வாட்ஸப்பில் தனியாக அனுப்பி, முந்தின நாள் இரண்டு நிமிடம் அவரைச் சேர வைத்துப் பாருங்கள். மைக் அனுமதியைக் கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்திவிடுவதுதான் பொதுவாக நடப்பது, அதை அப்போதே சரிசெய்துவிடலாம். அவருடைய ஸ்டோர்ஸில் சத்தம் இருக்கும், இயர்போன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் முதலாளி முன்னால் தடுமாற நேர்ந்தால், அடுத்த முறை ஆன்லைன் வேண்டவே வேண்டாம் என்று முதலில் சொல்பவர் அவராகத்தான் இருப்பார்.

ஒப்புதல் படிவம் ரூமில் காகிதமாக இருக்கிறது. ஆன்லைனில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அதே படிவத்தை பிடிஎஃப் ஆக முந்தின நாளே அவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும், அப்படி அனுப்புகிறோம் என்பதை மெயிலிலும் சொல்ல வேண்டும். ரூமில் பேனாவால் ஏதாவது திருத்தினால் உடனே சத்தமாகப் படியுங்கள். "நான்காவது வரியில், பழைய ஸ்டாக் வித்தியாசம் 30 நாளுக்குள் சரிசெய்து தரப்படும் என்று சேர்த்திருக்கிறோம்" என்று படித்தால், அது முடியுமா முடியாதா என்று மதுரைக்காரர் அங்கேயே சொல்லிவிடுவார். படிக்காமல் கையெழுத்தானால், 30 நாள் என்று ஒத்துக்கொண்டது அவருக்கே மறுவாரம்தான் தெரியும்.

கையெழுத்து யார் போடுவார் என்பது முதல் மெயிலிலேயே தீர்ந்திருக்க வேண்டும். ஓசூர் கிளையின் ஒப்புதலும் தேவை என்றால், அவர் ஆன்லைனில் சரி என்று சொன்னதைக் கோவையில் எழுதிக்கொண்டு, படிவத்தை அவருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்க எத்தனை நாள் என்று அப்போதே பேசிவிடுங்கள். மீட்டிங் குறிப்பில் வந்தவர்கள் பட்டியலை எழுதும்போது பெயருக்குப் பக்கத்தில் "நேரில்" அல்லது "ஆன்லைன்" என்று போடுங்கள். பாதியில் லைன் கட்டாகிப் போனவர் இருந்தால், எந்த விஷயம் பேசும்போது அவர் இல்லை என்பதையும் சேர்த்து எழுதி, அன்று மாலையே அனுப்பிவிடுங்கள்.